ஐந்து பேர் வரைந்தால் ஐந்து முகம்: மாடல் ஷீட் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஒரே பெண்ணை ஐந்து அனிமேட்டர்கள் வரைந்தால் பல நேரம் ஐந்து அக்கா தங்கைகள் வந்து நிற்பார்கள். பெயர் ஒன்று, ஜாடை வேறு. பாத்திரத்தின் அளவையும் தோற்றத்தையும் காட்டும் மாடல் ஷீட்டை எல்லோரும் பார்த்து வரைந்தும் இப்படி ஆகும். அனிமேட்டர்களின் கோட்டோவியத்தைச் சுத்தமான கோடாக்கும் கிளீன்-அப் வேலைக்கு மேற்பார்வையில் இருப்பவன் என்பதால் எல்லோருடைய படமும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். திரும்பத் திரும்ப அதே கோளாறுகளைத் திருத்தித் திருத்தி, எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்று ஒரு வரிசை பழகிவிட்டது. அந்த வரிசைதான் இது.

உதாரணத்துக்கு நாங்கள் வேலை பார்த்த ஒரு பாத்திரத்தையே எடுத்துக்கொள்கிறேன். பெயர் செவ்வந்தி. வயது 9. இரட்டைச் சடையை மடித்துக் கட்டி சிவப்பு ரிப்பன். சட்டை, பாவாடை. முன்பல் ஒன்று விழுந்த இடைவெளி. 11 நிமிடக் கதை, கையால் வரையும் 2டி, ஐந்து அனிமேட்டர்கள். அதில் இரண்டு பேர் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள்.

## முதலில் இந்தச் சோதனை

கோளாறு என்னவென்று தெரியாமல் ஷீட்டில் கை வைக்காதீர்கள். ஐந்து பேர் முடித்த காட்சிகளிலிருந்து ஆளுக்கு ஒரு படம் எடுங்கள். ஏறக்குறைய ஒரே கோணம், நேராக நிற்கும் நிலை. தாடையிலிருந்து மண்டை உச்சி வரை உள்ள அளவு எல்லாவற்றிலும் ஒன்றாக வரும்படி பெரிதாக்கியோ சிறிதாக்கியோ ஒரே வரிசையில் வையுங்கள். ஓரத்தில் மாடல் ஷீட்டின் படத்தையும் வையுங்கள். தரைக்கோடு எல்லாவற்றுக்கும் ஒன்றே. அரை மணி நேரம்கூட ஆகாது.

இப்போது மூன்றில் ஒன்றுதான் தெரியும்.

நான்கு பேர் ஒத்துப்போய் ஒருவர் மட்டும் விலகியிருந்தால், ஷீட்டில் பெரிய பிழை இல்லை. கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

ஐந்து பேரும் ஐந்து திசையில் விலகியிருந்தால், அந்த இடத்தில் ஷீட் எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம். ஆளாளுக்கு ஊகித்து வரைந்திருக்கிறார்கள். கீழே உள்ள அறிகுறிகளில் எது என்று பாருங்கள்.

மூன்றாவதைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறோம். ஐந்து பேரும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகிறார்கள், ஆனால் ஷீட்டோடு யாரும் ஒத்துப்போகவில்லை. செவ்வந்தியின் கழுத்து அப்படித்தான் இருந்தது. ஷீட்டில் கழுத்தே இல்லாத மாதிரி தலை தோளில் உட்கார்ந்திருந்தது. தலையைத் திருப்பவும் குனியவும் வைக்க வேண்டியவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. ஐந்து பேரும் தனித்தனியாக, பேசிவைக்காமலே, கொஞ்சம் கழுத்து சேர்த்திருந்தார்கள். இந்த இடத்தில் ஷீட்டைக் காட்டி அவர்களைத் திட்டுவதில் பயனில்லை. ஷீட்டை அவர்கள் பக்கம் மாற்றுங்கள். டைரக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

## அறிகுறி 1: காட்சிக்குக் காட்சி உயரம் மாறுகிறது

### பழைய ஷீட் சுற்றிக்கொண்டிருக்கிறதா?

செலவே இல்லாத காரணம், அதனால் முதலில் இதைப் பாருங்கள். ஒவ்வொருவரும் திரையில் எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அப்படியே ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "நான் புதுசைத்தான் பார்க்கிறேன்" என்ற பதிலை நம்ப வேண்டாம். பொய் சொல்கிறார்கள் என்பதல்ல, அவர்களுக்கே தெரியாது. எங்களில் ஒருவர் போனில் வந்த படத்தைச் சேமித்து வைத்து அதையே பார்த்து வரைந்துகொண்டிருந்தார். மற்றவர்கள் `SEV_model_v04.png` பார்த்துக்கொண்டிருந்தபோது அவரிடம் இருந்தது `SEV_model_v02.png`. நடுவில் பாவாடை இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

தீர்வு: ஷீட்டின் வலது கீழ் மூலையில் பதிப்பு எண்ணும் தேதியும் படத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும். கோப்பின் பெயரில் மட்டும் இருந்தால் போதாது, அச்சிட்டு ஒட்டியதும் அது போய்விடும். புதியது வந்தால் பொது ஃபோல்டரில் பழையது இருக்கவே கூடாது.

### "தலை" என்று எதை அளக்கிறார்கள்?

எல்லோரும் ஒரே ஷீட்டைத்தான் பார்க்கிறார்கள், ஆனாலும் உயரம் வேறு என்றால் இதுதான் அடுத்தது. ஷீட்டில் "நான்கு தலை உயரம்" என்று எழுதியிருக்கும். தலை என்றால் மண்டை ஓட்டின் உச்சியா, தலைமுடியின் உச்சியா?

செவ்வந்தியின் ஷீட்டில் தாடையிலிருந்து மண்டை உச்சி வரை 5 செ.மீ. நான்கு தலை என்றால் 20 செ.மீ. முடி அதற்கு மேல் 0.6 செ.மீ. எழும்பி நிற்கிறது. ஒருவர் முடியையும் சேர்த்து 5.6 செ.மீ. என்று எடுத்து, அதை நான்கால் பெருக்கினார். 22.4 செ.மீ. வந்துவிட்டது. முகம் அதே அளவு, உடம்பு மட்டும் நீண்டுவிட்டது. 9 வயதுப் பெண் 12 வயதாகிவிட்டாள். சின்னப் பிள்ளைப் பாத்திரங்களில் இது உடனே உறைக்கும். உடம்போடு ஒப்பிடத் தலை பெரிதாக இருப்பதுதான் அவர்களைச் சின்னவர்களாகக் காட்டுகிறது. பெரியவர் பாத்திரத்தில் இதே தவறு பாதிக்குப் பாதி கண்ணில் படாமலே போய்விடும்.

தீர்வு: முன்புறப் படத்தில் முடிக்கு உள்ளே மண்டை ஓட்டை மெல்லிய நீலக்கோட்டில் வரைந்து காட்டுங்கள். அளவுக்கோடுகள் அந்த உச்சியில் ஆரம்பிக்கட்டும். "முடி கணக்கில் இல்லை" என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

### தலைக்கணக்கு மட்டும் இருக்கிறதா?

நான்கு கோடு போட்டுவிட்டால் உயரம் சரியாக வரும். நடுவில் உள்ளது வராது. ஒருவர் இடுப்பை ஏற்றுவார், ஒருவர் கையை நீட்டுவார். கோடு ஒவ்வொன்றும் உடம்பில் எதைத் தொடுகிறது என்று சொல்ல வேண்டும். செவ்வந்திக்கு நாங்கள் எழுதியது: முதல் கோடு தாடை. இரண்டாவது பாவாடையின் இடுப்புப்பட்டி, கையைத் தொங்கவிட்டால் முழங்கையும் அங்கேதான். மூன்றாவதைத் தாண்டிக் கால் தலை கீழே பாவாடை விளிம்பு. விரல்நுனி அந்த விளிம்பைத் தொடாது, அதற்கு மேலேயே நின்றுவிடும். நான்காவது பாதம்.

விரல்நுனி வரியைச் சேர்த்த பிறகுதான் கை நீளும் வழக்கம் நின்றது. கையைத் தனியாக அளந்து வரைய யாருக்கும் பொறுமை கிடையாது. பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்த்து வரைவார்கள்.

### பாத்திரம் சரி, லேஅவுட் தவறா?

மேலே உள்ள மூன்றும் சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட காட்சியில் மட்டும் அவள் குட்டையாகத் தெரிந்தால், அனிமேட்டரை விட்டுவிட்டு, பின்னணியில் பாத்திரம் எங்கே எந்த அளவில் நிற்கும் என்று காட்டும் லேஅவுட்டைப் பாருங்கள். சமதரைக் காட்சியில் அடிவானக்கோட்டை நீட்டிப் போடுங்கள். முன்னால் நிற்கும்போது அந்தக் கோடு அவள் கண்ணை வெட்டினால், பத்தடி பின்னால் போய் நின்றாலும் கண்ணைத்தான் வெட்ட வேண்டும். அங்கே நெற்றியையோ தோளையோ வெட்டினால் அளவு பிசகியிருக்கிறது.

இதற்கு ஒப்பீட்டு வரிசை கட்டாயம் வேண்டும். எல்லாப் பாத்திரங்களும் ஒரே தரைக்கோட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஷீட் அது. அதில் ஒரு கதவையும் சேர்த்து நிறுத்துங்கள். செவ்வந்தியின் உச்சி கூன் விழுந்த ஆச்சியின் தோளுக்கு, கதவின் தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் கீழே. இப்படி ஒரு வரி இருந்தால் லேஅவுட் ஆளும் அனிமேட்டரும் ஒரே கணக்கில் பேசுவார்கள்.

### எப்போது வடிவமைப்பாளரைக் கூப்பிடுவது?

"மூன்றே முக்கால் தலை" போன்ற அளவில் பாத்திரம் உருவாகி, கோடுகள் உடம்பில் எதையுமே தொடாமல் காற்றில் நின்றால், நீங்களாக இழுத்துச் சரிசெய்யாதீர்கள். வடிவமைத்தவரிடம் திருப்பி அனுப்புங்கள். முழு உருவத்தையும் ஒரே சதவீதத்தில் சிறிதாக்கி ஒப்பேற்றவும் வேண்டாம். கோட்டின் தடிமனும் சேர்ந்து இளைத்துவிடும். பக்கத்தில் நிற்கும் பாத்திரத்தோடு வைத்துப் பார்த்தால் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

## அறிகுறி 2: நேராகப் பார்த்தால் அவள்தான், திரும்பினால் வேறு யாரோ

அதிகம் வருவது இதுதான், அதிகம் செலவு வைப்பதும் இதுதான். நிதானமாகப் பாருங்கள்.

### முக்கால் முகம் ஷீட்டில் இருக்கிறதா?

முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என்று மூன்று மட்டும் போட்டுக் கொடுத்திருப்பார்கள். ஆனால் கதையில் பாத்திரம் பெரும்பாலும் நேருக்கும் பக்கவாட்டுக்கும் நடுவான முக்கால் முகத்தில்தான் நிற்கும். ஒருவரோடு ஒருவர் பேசும் காட்சியில் நேர்முகமும் சுத்தப் பக்கவாட்டும் அபூர்வம். அதிகம் வரையப்படும் கோணத்தையே விட்டுவிட்டால், ஐந்து பேரும் நேர்முகத்தைத் தங்கள் மனத்தில் திருப்பிப் பார்த்து வரைவார்கள். ஐந்து மனம், ஐந்து முகம்.

தீர்வு: குறைந்தது ஐந்து நிலை. முன், முன் முக்கால், பக்கம், பின் முக்கால், பின். நேரம் குறைவு என்றால் முன் முக்காலை மட்டுமாவது இன்றே வரைந்து சேருங்கள்.

### ஐந்து நிலையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா?

ஐந்தும் இருக்கின்றன, ஆனாலும் முகம் மாறுகிறது என்றால், ஷீட்டுக்குள்ளேயே முரண் இருக்கலாம். முன்புறப் படத்தில் புருவம், கண்ணின் நடு, மூக்குநுனி, வாய், தாடை ஆகிய ஐந்து இடத்திலிருந்தும் கிடைமட்டக் கோடுகளை வலதுபக்கம் முழுக்க இழுங்கள். பாத்திரத்தைச் சுற்றித் திருப்பிக் காட்டும் இந்த ஐந்து நிலை வரிசைக்கு டர்ன்அரவுண்ட் என்று பெயர். தலை நிமிர்ந்து நேராக இருக்கும் டர்ன்அரவுண்டில் ஒவ்வொரு நிலையிலும் அதே இடம் அதே கோட்டில் உட்கார வேண்டும். எங்கள் முதல் ஷீட்டில் பக்கவாட்டு முகத்தில் காது ஒரு கண் அளவு மேலே ஏறியிருந்தது. கோடு இழுக்கும் வரை ஒருவர் கண்ணிலும் படவில்லை, டர்ன்அரவுண்ட் அழகாக இருந்ததால் யாரும் சந்தேகப்படவும் இல்லை.

இரண்டாவது சோதனை இன்னும் எளிது. ஐந்து நிலைகளையும் ஐந்து ஃபிரேமில் வைத்து முன்னும் பின்னும் ஓட்டுங்கள். காகிதம் என்றால் தாள்கள் நகராமல் பிடிக்கும் பெக் பாரில் மாட்டி விரலால் புரட்டுங்கள். தலை ஒரே இடத்தில் திரும்ப வேண்டும். நடுவில் எங்காவது ஊதினாலோ சுருங்கினாலோ அந்த நிலைதான் குற்றவாளி. எங்களுக்குப் பின் முக்காலில் மண்டை சுருங்கியது.

### எங்கே ஏமாற்றுகிறோம் என்று எழுதியிருக்கிறதா?

இந்தக் காரணம் ஷீட்டைப் பார்த்தால் தெரியாது, அதனால்தான் தொல்லை. தட்டையான வரைபடத்தில் அழகாக இருக்கும் சில வடிவங்கள் நிஜத்தில் திரும்பாது. மிக்கி மவுஸின் காது எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அது வட்டமாகவே இருக்கும். நிஜமான தட்டுக் காதாக இருந்தால் பக்கவாட்டில் குறுகிக் கோடாகிவிடும். அங்கே விதிப்படி திருப்புவதுதான் தவறு, ஏமாற்றுவதுதான் சரி. அந்த ஏமாற்று எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிந்திருக்க வேண்டும்.

செவ்வந்தியின் ஏமாற்று அவளுடைய மடித்துக் கட்டிய சடை. முன்னால் பார்த்தால் இரண்டு காதுக்கும் கீழே இரண்டு வளையம், ரிப்பன் பூ. அவளுடைய அடையாளமே அதுதான். பக்கவாட்டில் திரும்பினால் ஒரு வளையம் கழுத்துக்குப் பின்னால் மறைய வேண்டும். ஒருவர் கணக்காக மறைத்தார், ஒற்றைச் சடைப் பெண்ணாகிவிட்டாள். ஒருவர் தாடைக்கு அடியில் முழு வளையத்தையும் காட்டினார், தாடி மாதிரி தொங்கியது. ஒருவர் இரண்டு வளையத்தையும் பின்னந்தலைக்குத் தள்ளிவிட்டார். மற்ற இரண்டு பேர் காட்சிக்குக் காட்சி மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் உட்கார்ந்து முடிவு செய்தோம். பக்கவாட்டில் தூரத்து வளையம் மறையும், ஆனால் அதன் ரிப்பன் பூவின் பாதி மட்டும் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே எட்டிப்பார்க்கும். முன் முக்காலில் தூரத்து வளையம் பாதி அகலம், உயரம் அப்படியே. பின்னாலிருந்து பார்த்தால் இரண்டும் முழுதாக. மூன்று சின்னப் படமும் மூன்று வரியும் ஷீட்டின் ஓரத்தில் ஏறின. அதற்குப் பிறகு சடை பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

ஏமாற்று எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி: உங்கள் முதல் சோதனை வரிசையில், வரைபவர்களில் கை தேர்ந்தவரும் புதியவரும் ஒரே இடத்தில் முரண்படுகிறார்களா என்று பாருங்கள். திறமைக் குறைவால் வரும் பிழை என்றால் தேர்ந்தவரிடம் இருக்காது. அவரும் தடுமாறுகிறார் என்றால் வடிவமே அங்கே திரும்ப மறுக்கிறது.

### அப்புறமும் திரும்பவில்லை என்றால்

களிமண் வாங்குங்கள். பிள்ளைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண் போதும். ஷீட்டின் முன்புறத்தையும் பக்கவாட்டையும் பார்த்துத் தலையை மட்டும் உருட்டுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்தும் உருண்டையே உங்களால் செய்ய முடியவில்லை என்றால் கோளாறு வடிவத்தில் இருக்கிறது. முன்புறமும் பக்கவாட்டும் இரண்டு வெவ்வேறு தலைகள். எந்த அனிமேட்டராலும் அதைச் சரியாக வரைய முடியாது.

இதுதான் தொழில்முறைச் சிற்பியை அழைக்கும் இடம். பாத்திரத்துக்குச் சிறு சிலை செய்து அனிமேட்டர் மேஜையில் வைப்பது பழைய வழக்கம். 1930களின் பிற்பகுதியில் டிஸ்னி ஸ்டுடியோவில் ஜோ கிராண்ட் தலைமையில் பாத்திர மாதிரிகளுக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. ஷீட்டுகளோடு சேர்த்து இப்படிச் சிலைகளையும் அங்கே செய்தார்கள். இப்போது களிமண்ணுக்குப் பதில் எளிய 3டி தலை ஒன்றைச் செய்து வாங்கி, வேண்டிய கோணத்தில் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதை அப்படியே ட்ரேஸ் எடுக்க விடாதீர்கள். ஏமாற்று இடங்களை அது காட்டாது, நம் சடை வளையம் பழையபடி தாடியாகிவிடும்.

சிலைச் செலவு கட்டுப்படியாகுமா என்று யோசிப்பவர்களுக்கு என் கணக்கு இது: அந்தப் பாத்திரம் ஒரே குறும்படத்தோடு முடிகிறது என்றால் வேண்டாம், நீங்களே உருட்டிய களிமண் போதும். தொடராக வரப்போகிறது என்றால் முதல் பகுதிக்கு முன்பே செய்துவிடுங்கள்.

## அறிகுறி 3: பொட்டு, பல், ரிப்பன், கோடு எல்லாம் வந்து வந்து போகின்றன

### எண்ணிக்கை எழுதியிருக்கிறதா?

படத்தில் இருக்கிறதே, எண்ணிக்கொள்ள மாட்டார்களா என்று நினைக்க வேண்டாம், மாட்டார்கள். பார்ட் சிம்ப்சனின் தலையில் ஒன்பது முனைகள் என்பது அந்தத் தொடரை வரைபவர்களுக்கு எண்ணாகவே தெரியும். அதே போல எழுதுங்கள்: சட்டைப் பொத்தான் மூன்று, நெற்றியில் முன்முடிக் கீற்று நான்கு, கைக்கு இரண்டு வளையல். எண்ணக்கூடியது எல்லாவற்றுக்கும் எண் போடுங்கள்.

### யாராவது படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்களா?

பல் இடைவெளி இடம் மாறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வேலை மிச்சம் பிடிக்க வலப்பக்க நடையை அப்படியே கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் பயன்படுத்தியிருப்பார்கள். செவ்வந்திக்கு விழுந்தது அவளுடைய இடது முன்பல். திருப்பியதும் வலது பல் விழுந்துவிட்டது. அடுத்த காட்சியில் மறுபடி இடது. ஷீட்டில் "இடது" என்று மட்டும் எழுதினால் குழப்பம் தீராது, பார்ப்பவரின் இடதா, அவளுடைய இடதா என்று கேள்வி வரும். "ரிஸ்ட் வாட்ச் கட்டும் கைப்பக்கம்" என்பது போல அவள் உடம்பிலேயே இருக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். நாங்கள் "சட்டைப்பை இருக்கும் பக்கப் பல்" என்று எழுதினோம். இப்போது திருப்பிப் போட்டால் சட்டைப்பையும் மாறும், செக் பண்ணுபவர் கண்ணில் உடனே படும்.

### கோடுகளே அதிகமா?

எண் எழுதியும் தப்பு வருகிறது என்றால் வடிவமைப்பு வரைபவர்களின் கையை மீறியிருக்கிறது. செவ்வந்திக்கு முதலில் கட்டம் போட்ட பாவாடை. கட்டத்துக்கு மட்டும் 14 கோடு. விநாடிக்கு 24 ஃபிரேம், ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தால் விநாடிக்கு 12 படம். 5 விநாடிக் காட்சி என்றால் 60 படம், அதாவது பாவாடைக் கட்டத்துக்கே 840 கோடு. ஒவ்வொன்றும் துணி மடிப்போடு சேர்ந்து வளைய வேண்டும். மூன்றாவது காட்சியிலேயே கட்டம் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. துணி அசையாதபோதும் கோடுகள் நடுங்கும், அதைத்தான் கொதிப்பது என்கிறோம்.

கட்டத்தை எடுத்துவிட்டு விளிம்பில் இரண்டு கோட்டுக் கரை மட்டும் வைத்தோம். 840 என்பது 120 ஆனது. வடிவமைத்தவருக்கு வருத்தம்தான். அந்தக் கட்டம் அவர் அம்மாவின் பழைய பாவாடையைப் பார்த்துப் போட்டதாம். போஸ்டரில் மட்டும் கட்டப் பாவாடை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

இப்படி ஒன்றை எடுப்பதற்கு டைரக்டரும் தயாரிப்பாளரும் சம்மதிக்க வேண்டும். எடுப்பதென்றால் முதல் காட்சி வண்ணத்துக்குப் போகும் முன்பே எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு என்றால் முடிந்த காட்சிகளையும் திருத்த வேண்டிவரும்.

## அறிகுறி 4: சிரித்தாலோ அழுதாலோ ஆள் மாறிவிடுகிறாள்

சாதாரண முகம் எல்லோருக்கும் சரியாக வருகிறது, உணர்ச்சியில் மட்டும் பிசகுகிறது என்றால் எக்ஸ்பிரஷன் ஷீட்டைப் பாருங்கள். பெரும்பாலும் அதில் மிதமான முகங்களே இருக்கும். லேசான சிரிப்பு, லேசான கோபம். கதையிலோ அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள், ஏங்கி ஏங்கி அழுகிறாள். அந்தக் கடைக்கோடி இரண்டையும் வரைந்து வைத்தால் நடுவில் உள்ளதை அனிமேட்டர்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

கூடவே "இவள் இப்படிச் செய்யவே மாட்டாள்" என்று இரண்டு மூன்று படம் போட்டு மேலே குறுக்குக்கோடு அடியுங்கள். செவ்வந்தி வாய்மூடிப் புன்னகைக்க மாட்டாள், பல் இடைவெளி தெரியத்தான் சிரிப்பாள். கோபம் வந்தால் புருவம் நெறியாது, கீழுதடு முன்னால் வரும். அவளுடைய கோபத்துக்கு நெறித்த புருவம் போட்டால் பக்கத்து வீட்டு வில்லிப் பெண்ணின் முகம் வந்துவிடுகிறது. அந்தப் பெண்ணின் ஷீட்டில் புருவம்தான் எல்லாமே.

பேசும்போது மட்டும் முகம் மாறினால் வாய் ஷீட்டைப் பாருங்கள். "ஆ", "ஓ" வாய்களில் தாடையும் சேர்ந்து இறங்குகிறதா, வாய் மட்டும் திறக்கிறதா என்று அதில் காட்டியிருக்காது. தாடை இறங்குவதுதான் உங்கள் முடிவு என்றால் எவ்வளவு என்று கோடு போட்டுக் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் வரைந்த காட்சியில் முகம் நீண்டுகொண்டே போகும்.

## அறிகுறி 5: எல்லாம் ஷீட்டில் இருப்பது போலவே இருக்கிறது, உயிர் மட்டும் இல்லை

படம் ஒவ்வொன்றையும் ஷீட்டின் மேல் வைத்தால் அச்சாகப் பொருந்தும். ஓட்டினால் பொம்மை நகர்கிறது. ஷீட்டில் விறைப்பாக நிற்கும் படம் மட்டும் இருந்தால் இப்படித்தான் ஆகும். அனிமேட்டர்கள் ஷீட்டைச் சுற்றி வரையாமல் ஷீட்டையே வரைகிறார்கள். மேலே சொன்ன அறிகுறிகளுக்காக நீங்கள் போன வாரம் எல்லோரையும் நன்றாகத் திட்டியிருந்தாலும் இது வரும்.

ஓடுவது, குந்தி உட்காருவது, எட்டி எடுப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று நான்கைந்து செயல் படங்களைக் கோட்டோவியமாகவே சேருங்கள், கிளீன்-அப் செய்யாமல். அதோடு எல்லையையும் காட்டுங்கள். குதித்து இறங்கும்போது எவ்வளவு நசுங்கலாம், தாவும்போது எவ்வளவு நீளலாம். செவ்வந்திக்கு மண்டை நசுங்கக் கூடாது, கன்னமும் பாவாடையும் எவ்வளவு வேண்டுமானாலும் நசுங்கலாம் என்று வைத்தோம்.

## அறிகுறி 6: கோட்டின் தடிமன் மாறுகிறது

பிரஷ் அளவை எண்ணில் எழுதுங்கள், "மெல்லிய கோடு" என்று எழுதாதீர்கள். முழு உருவக் காட்சிக்கு ஓர் எண், இடுப்பளவுக்கு ஓர் எண், நெருக்கக் காட்சிக்கு ஓர் எண். எல்லோருடைய கேன்வாஸும் ஒரே அளவா என்றும் பார்த்துவிடுங்கள். 1920 பிக்சல் அகலத்தில் 4 பிக்சல் பிரஷ்ஷும் 3840 அகலத்தில் 4 பிக்சல் பிரஷ்ஷும் திரையில் ஒன்றல்ல, இரண்டாவது பாதி தடிமனாகத்தான் தெரியும். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

## ஒருவர் மட்டும் விலகினால்

எல்லாக் காரணங்களையும் பார்த்தாகிவிட்டது, ஷீட் திருத்தியாகிவிட்டது, நான்கு பேர் சரி, ஒருவர் மட்டும் இன்னும் வேறு முகம் வரைகிறார் என்றால், ஷீட்டை இன்னும் தடிமனாக்கிப் பயனில்லை. ஐந்து பேருக்கும் ஒரே நிலையைக் கொடுங்கள், உதாரணமாக "டிபன் பாக்ஸைத் திறந்து உள்ளே பார்க்கிறாள்". ஷீட் மட்டும் கையில் இருக்கட்டும், யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அவர் வரைந்ததில் முதலில் போட்ட உருண்டை, நடுக்கோடு தெரிகிறதா பாருங்கள். அவை இல்லாமல் நேரே கண்ணிலிருந்து ஆரம்பித்திருந்தால் அவருக்குத் தேவை புது ஷீட் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் சேர்ந்து வரைய ஒரு மூத்தவர். உருண்டையெல்லாம் ஒழுங்காக இருந்தும் முகம் விலகினால், அவருடைய சொந்தப் பாணி ஊறிவருகிறது. தூரக் காட்சிகளையும் செயல் அதிகமுள்ள காட்சிகளையும் அவருக்குக் கொடுங்கள், நெருக்கக் காட்சிகளை மற்றவர்களுக்கு மாற்றுங்கள்.

குழு பெரிதானால் இதற்கென்று தனி ஆள் வேண்டும். ஜப்பானிய ஸ்டுடியோக்களில் இது நிரந்தரப் பொறுப்பு. வரைபட மேற்பார்வையாளர், அசைவின் முக்கிய நிலைகளான கீ படங்களின் மேல் நிறத்தாள் வைத்து, முகத்தைத் திருத்தி வரைந்து திருப்பி அனுப்புவார். எங்களைப் போல ஐந்து பேர் என்றால் கிளீன்-அப் மேற்பார்வையாளரே அதைச் செய்யலாம். பத்தைத் தாண்டிவிட்டால் அவர் கிளீன்-அப்பையும் பார்த்துக்கொண்டு இதையும் பார்க்க முடியாது. ஆளை அமர்த்துங்கள்.

ஏற்கெனவே முடிந்துபோன தவறான காட்சிகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். எங்களிடம் அப்படி பத்து இருந்தன. முகம் திரையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறைத்த நான்கு காட்சிகளை மறுபடி வரைந்தோம். அவள் முதன்முதலாகத் திரையில் வரும் காட்சி தூரத்தில்தான் என்றாலும் அதையும் வரைந்தோம், பார்ப்பவர்கள் முகத்தைப் பதியவைத்துக்கொள்ளும் இடம் அது. மூன்றில் ரிப்பனையும் பல்லையும் மட்டும் திருத்தினோம். மீதி இரண்டில் அவள் தெருக்கோடியில் ஓடுகிறாள், கட்டைவிரல் அளவு. அவற்றை அப்படியே விட்டுவிட்டோம்.